வயிறு மெதுவாகக் காலியாகும் சர்க்கரைக்காரருக்கு அக்காவின் அடுப்படி டிப்ஸ்

தங்கச்சி, சர்க்கரை வந்தவருக்கு ஊரே ஒரே மாதிரிதான் புத்தி சொல்லும். காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன், கம்பங்கூழ், தினம் ஒரு கீரை, வாழைத்தண்டுப் பொரியல், சாயங்காலம் சுண்டல், ராத்திரி சப்பாத்தி. சாதாரண சர்க்கரைக்காரருக்கு அது நல்ல புத்திதான். ஆனால் உன் ரிப்போர்ட்டில் டாக்டர் ‘காஸ்ட்ரோபரேசிஸ்’ என்று எழுதியிருக்கிறார். அதாவது, இரைப்பையில் அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் சாப்பாடு குடலுக்கு இறங்கத் தாமதமாகிறது. இந்த நிலைமையில் மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசி உனக்கு ஆகாது. எது ஆகும், எதை எப்படிச் சமைத்தால் ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். இரைப்பையின் கீழ்ப்பாதி ஒரு மிக்ஸி. நாம் மென்று விழுங்கியதை அது திரும்பத் திரும்பப் பிசைந்து அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்காக ஆன பிறகுதான் வாசலைத் திறந்து குடலுக்கு விடும். அந்த அரைப்புக்குக் கட்டளை கொடுப்பது வேகஸ் என்ற நரம்பு. சர்க்கரை பல வருஷம் ஏறியே கிடந்தால், கால் எரிச்சலுக்குக் காரணமான நரம்புக் கோளாறு இந்த நரம்பையும் பிடிக்கும். அரைப்பு குறைகிறது, சாப்பாடு அப்படியே தங்குகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, மத்தியானச் சாப்பாடு ராத்திரி ஏப்பத்தில் வருவது, சாப்பிட்டு வெகுநேரம் கழித்தும் ஜீரணமாகாத பருக்கையாக வாந்தி வருவது எல்லாம் இதனால்தான். திரவத்துக்கு இந்த அரைப்பு வேண்டாம். அதனால்தான் சோறு இறங்காத வயிற்றிலும் கஞ்சி இறங்கிவிடுகிறது.

இதிலிருந்தே வைத்தியம் புரியும். வயிறு செய்ய முடியாத அரைப்பை நாம் அடுப்படியில் செய்துகொடுத்துவிட வேண்டும்.

1. என்ன சாப்பிடுகிறாய் என்பதைவிட எந்தப் பதத்தில் என்பதைப் பார்

இந்த வியாதி உள்ள சர்க்கரைக்காரர்களுக்குச் சாதாரணச் சாப்பாட்டையும் நன்றாக மசித்த சாப்பாட்டையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மசித்ததைச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, வயிறு நிறைந்த உணர்வு எல்லாம் குறைந்தன. அதனால் பதத்தை முதலில் வைக்கிறேன்.

நம் வீட்டில் இதற்கு ஒரு சோதனை செய்யலாம். வெந்ததை ஒரு ஸ்பூன் எடுத்து, ரவை சலிக்கும் சல்லடையில் வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய். கீழே இறங்கினால் அது உன் சாப்பாடு. சல்லடையில் தோல், விதை, நார், திப்பி என்று எது தங்குகிறதோ அது உன் வயிற்றிலும் தங்கும். முதல் சில நாள் ஒவ்வொரு காயையும் இப்படித் தேய்த்துப் பார்த்துவிட்டால், அப்புறம் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும்.

சுரைக்காய், வெள்ளைப்பூசணி, சௌசௌ, பரங்கி, கேரட், பீட்ரூட் இவற்றைத் தோல் சீவி, விதைப்பகுதியை வழித்தெடுத்துவிட்டு, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டு, மத்தால் கடைந்துகொள். பொரியலாக வேண்டாம், கூட்டாகவோ மசியலாகவோ செய். சோற்றுக்குத் தண்ணீர் கூடுதலாக வைத்துக் குழைய விடு. அதோடு பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவைத்துக் கையால் பிசைந்தால் பருக்கை தெரியாத பதம் வரும். இட்லி உனக்கு நல்ல பண்டம், ஏனென்றால் அரிசியும் உளுந்தும் ஏற்கெனவே அரைபட்டு, புளித்து, ஆவியில் வெந்தவை. அதையும் உதிர்த்து, தெளிவான பருப்புச் சாம்பாரில் ஊறவிட்டுச் சாப்பிடு. இடியாப்பமும் அப்படியே, கொழுப்பில்லாத பாலில் ஊறினால் சரி.

அசைவத்தில் முள் நீக்கிய மீன் ஆவியில் வெந்தால் விரலால் உதிரும், அது ஆகும். முட்டையை ஆம்லெட்டாக எண்ணெயில் மொறுமொறுப்பாகச் செய்யாமல், ஆவியில் வைத்தோ மிருதுவாகக் கிளறியோ எடு. கோழி வேண்டுமென்றால் கொத்துக்கறியாக அரைத்து, குழம்பில் குழைய வேகவை. ஆட்டுக்கறித் துண்டு, தசைநார் உள்ள எதுவும் வேண்டாம்.

சப்பாத்தி, பரோட்டா பற்றிக் கேட்பாய். சப்பாத்தி மென்றாலும் வயிற்றில் உருண்டையாகச் சேரும், முழுக்கோதுமைத் தவிடும் அதில் உண்டு. பரோட்டாவில் எண்ணெயும் சேர்கிறது. இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

2. நாருக்கு இரண்டு குற்றம் உண்டு

நார் வயிற்றில் அரைபடாது, அது முதல் குற்றம். இரண்டாவது, அரைபடாத நார்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகத் திரண்டு வயிற்றின் வாசலை அடைத்துக்கொள்ளும். டாக்டர்கள் இதை பெசோர் என்பார்கள். அதை எண்டோஸ்கோப்பி வைத்து உடைத்து எடுக்க வேண்டி வரலாம்.

நம் சமையலில் ஆபத்தானவற்றைச் சொல்கிறேன். வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரை, அவரை, முருங்கைக்காயின் நார், கீரைத் தண்டு, பலாப்பழம், அன்னாசி, கொய்யா விதை, ஆரஞ்சின் சுளைத் தோல், தேங்காய்த் துருவல், சோளப்பொரி, கொண்டைக்கடலை, மொச்சை போன்ற தோல் உள்ள பயறுகள். கீரை சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், இலையை மட்டும் ஆய்ந்து, வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, இரண்டு ஸ்பூன் சாற்றைப் பருப்பில் கலந்துகொள். முருங்கைக்காயைச் சாம்பாரில் போடலாம், உள்ளே இருக்கும் சதையை ஸ்பூனால் வழித்து அதை மட்டும் சாப்பிடு.

நீ வழக்கமாகச் சாப்பிட்டுவந்த வெந்தயத்தையும், மலச்சிக்கலுக்கு என்று வாங்கும் இசப்கோல் உமியையும் நிறுத்து. இரண்டும் தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று கெட்டியாகும். சர்க்கரை சட்டென்று ஏறாமல் வெந்தயம் தடுப்பதே இந்தக் கொழகொழப்பால் ஜீரணத்தை மந்தமாக்கித்தான். உன் வயிறு ஏற்கெனவே மந்தம், இன்னும் மந்தமாக்கக் கூடாது. தாளிக்கும்போது போடும் நாலு வெந்தயத்தால் ஒன்றும் ஆகாது. மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல், நார் இல்லாத வேறு மருந்து கொடுப்பார்.

கேழ்வரகை விட மனசு வரவில்லை என்றால், குழந்தைக்குச் செய்வதுபோல ஊறவைத்து அரைத்துத் துணியில் பால் பிழிந்து, அந்தப் பாலை மட்டும் காய்ச்சு. பழத்தில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் பாதி, அல்லது மசித்த பப்பாளி, அல்லது தோல் சீவி வேகவைத்து மசித்த ஆப்பிள். எல்லாம் சின்னக் கிண்ணம்தான். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் வாழைப்பழமும் பருப்பும் எவ்வளவு ஆகும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

3. கொழுப்பை ஒதுக்கு, ஆனால் முழுசாகத் துறக்காதே

கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும், ‘போதும், மெதுவாக அனுப்பு’ என்று வயிற்றுக்குச் சொல்லும் ஹார்மோன் சுரக்கும். நல்ல வயிற்றுக்கு அது சாதாரண ஏற்பாடு. உன் வயிற்றுக்கு மேலும் ஒரு தாமதம். அதனால்தான் பூரி, வடை, பிரியாணி சாப்பிட்ட நாளில் உனக்கு அவஸ்தை அதிகம்.

நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமார் 40 கிராம் கொழுப்புக்குள் இருக்கும்படிதான் பெரும்பாலும் டயட் சார்ட் போடுவோம். பாலிலும் முட்டையிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால், சமையலுக்கு உன் பங்கு எண்ணெய் டீ ஸ்பூனால் மூன்று அல்லது நாலு. குடும்பத்துக்குத் தாளித்த சாம்பாரிலிருந்து எடுக்காமல், தாளிப்பதற்கு முன்பே உன் பங்கை வேறு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் கணக்கு எளிது. தேங்காய்ச் சட்னியில் கொழுப்பும் இருக்கிறது, நாரும் இருக்கிறது, ஆகவே அதை விட்டுவிடு. இட்லிக்கு, தோலும் விதையும் வடிகட்டிய தக்காளிச் சட்னி போதும்.

இதில் ஒரு சலுகை உண்டு. திரவத்தில் கலந்திருக்கும் கொழுப்பைப் பலருக்கு வயிறு தாங்கிக்கொள்ளும். எடை குறைந்துகொண்டே போனால், டாக்டரோ டயட்டீஷியனோ பால் சேர்ந்த பானத்தையோ சத்துப் பானத்தையோ இதனால்தான் எழுதித் தருவார்கள். எடை குறைகிறவர் கொழுப்பையே விட்டால் பலவீனம்தான் மிஞ்சும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவை.

4. மூன்று வேளையை ஆறாகப் பிரி

சாப்பாட்டு அளவு கூடக்கூட வயிறு காலியாக நேரம் பிடிக்கும். ஒரு வேளைக்கு ஒரு கப், மிஞ்சினால் ஒன்றரை கப், அதாவது 200 முதல் 300 மில்லி கொள்ளளவு. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை. பசிக்காவிட்டாலும் நேரம் வந்தால் கொஞ்சம் சாப்பிடு, பசித்தாலும் அளவைத் தாண்டாதே.

பலருக்குக் காலையில் வயிறு ஓரளவு ஒத்துழைக்கும், பொழுது சாயச்சாய மந்தமாகும். உனக்கும் அப்படி என்றால், இட்லியும் குழைந்த சாதமும் மத்தியானத்துக்குள் முடியட்டும். சாயங்காலத்துக்கு மேல் கஞ்சி, சூப், மோர் என்று திரவமாகப் போ. கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சாப்பிட்டதும் சாயாதே, நிமிர்ந்து உட்கார், வாசலில் கொஞ்சம் நட. சோடா, கோலா போன்ற நுரை பானங்கள் வயிற்றை உப்பவைக்கும், வேண்டாம்.

5. ஒருவரின் ஒரு நாள் எப்படி மாறியது

என்னிடம் டயட் சார்ட் வாங்க வந்த ஒரு தையல்காரம்மா. சர்க்கரை வந்து 17 வருஷம், காலையும் ராத்திரியும் இன்சுலின். டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்தபோது, வெறும் வயிற்றில் வந்திருந்தும் முந்தின நாள் கீரை அப்படியே கிடந்தது. அடைப்பு ஏதும் இல்லை. பிறகு வயிறு காலியாகும் வேகத்தைப் பார்க்கும் ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த ஸ்கேனில் சாப்பிட்ட நாலு மணி நேரத்துக்குப் பின் வயிற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம் என்று பொருள். அவருக்கு அதைத் தாண்டியிருந்தது.

அவர் சாப்பாட்டில் நாக்கு ருசிக்காகச் சேர்த்தது என்று எதுவும் இல்லை. காலையில் வெந்தயம், கம்பங்கூழில் சின்ன வெங்காயம், மத்தியானம் வாழைத்தண்டும் கீரையும், கடை மூடி வந்து ராத்திரி ஒன்பதரைக்கு மூன்று சப்பாத்தி, கொள்ளுச் சுண்டல், உடனே படுக்கை. ஊர் சொன்னபடி ஒழுங்காக இருந்த மனுஷி. விடிகாலையில் வாந்தி. சர்க்கரைக் குறிப்பு நோட்டைப் பார்த்தால், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 62, நாலு மணி நேரத்தில் 290.

அவருக்கு எழுதிய நாள் இது. காலை ஆறரைக்குக் கொழுப்பு நீக்கிய பாலில் சர்க்கரை இல்லாத டீ. எட்டு மணிக்கு இரண்டு இட்லி பருப்புச் சாம்பாரில் ஊறியது. பத்தரைக்கு ஒரு டம்ளர் நீர்மோர், ஒரு வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மசித்தது. ஒரு மணிக்குப் பாசிப்பருப்போடு குழைந்த சாதம் ஒரு கப், சுரைக்காய் மசியல் கால் கப், வடிகட்டிய ரசம். நாலு மணிக்கு மசித்த பப்பாளி சின்னக் கிண்ணம். ஏழரைக்கு வடிகட்டிய பருப்புச் சூப்பும் ஒரு கப் குருணைக் கஞ்சியும். படுக்கை பத்தரைக்கு மேல். கடையில் வேலை நடுவே சாப்பிட, பத்தரை மணி மோரையும் நாலு மணிப் பழத்தையும் சின்ன டப்பாவில் எடுத்துப் போனார்.

வாந்தி முதலில் அடங்கியது. வயிற்று உப்புசம் மெதுவாகத்தான் குறைந்தது, சில நாள் திரும்பவும் வந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த மறுநாள் பழைய நிலைமைதான். நரம்பைச் சாப்பாடு சரிப்படுத்தாது, பாரத்தைத்தான் குறைக்கும்.

6. 62-க்கும் 290-க்கும் காரணம் இதுதான்

இன்சுலின் தன் நேரத்துக்கு வேலை செய்துவிட்டது. சாப்பாடு இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது. அதனால் முதலில் சர்க்கரை இறங்குகிறது. பிறகு சாப்பாடு குடலுக்கு வரும்போது இன்சுலின் ஓய்ந்திருக்கும், சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரையே வயிற்றை மேலும் மந்தமாக்கும் என்பதால் இது ஒரு சுழல். உன் நோட்டிலும் இப்படி இருந்தால், சாப்பாட்டுக்கு முன், ஒரு மணி, மூன்று மணி, நாலு மணி கழித்து எடுத்த அளவுகளைச் சாப்பாட்டு நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டு. ஊசியைச் சாப்பிட்ட பின் போடுவதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்று அவர் தீர்மானிப்பார். நீயாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. சாப்பாட்டை ஆறு வேளையாக மாற்றும் அன்றே அவருக்குச் சொல்லிவிடு.

சர்க்கரை இறங்கி வியர்வையும் படபடப்பும் வந்தால் பிஸ்கட், சாக்லேட் எடுக்காதே. திடமும் கொழுப்பும் வயிற்றிலேயே நின்றுவிடும். மூன்று டீ ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடி. 15 நிமிஷம் கழித்துத் திரும்பச் சோதி, ஏறவில்லை என்றால் மறுபடி குடி. மயக்கம் வரும் நிலையில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி வீட்டாருக்கு இப்போதே சொல்லிவை.

எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாக்ளூடைட், லிராக்ளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொள்கிறாய் என்றால் அதையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்து. வயிற்றை மெதுவாக்குவது அவற்றின் இயல்பு. வாந்திக்கு டாம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு மாத்திரைகளைக் கடையில் கேட்டு நீயாக நாள்கணக்கில் விழுங்காதே. முதலாவது இதயத் துடிப்பையும், இரண்டாவது முகம், கை கால் அசைவையும் பாதிக்கலாம். டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நாளுக்கு மட்டும் போதும்.

7. எப்போது அடுப்படியை விட்டு ஆஸ்பத்திரிக்கு?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்காமல் வாந்தி வந்தால், வாந்தியில் ரத்தமோ காபிப்பொடி நிறமோ தெரிந்தால், வயிறு தாங்க முடியாமல் வலித்தால், சர்க்கரை 300-க்குக் கீழே இறங்காமல் வாந்தியும் சேர்ந்தால், அல்லது மூன்று நாலு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மசியலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதே. அன்றே போ. சாப்பிட முடியவில்லையே என்று இன்சுலினை முழுசாக நிறுத்துவதுதான் இந்த நேரத்தில் பலர் செய்யும் ஆபத்தான காரியம். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்.

கடைசியாக ஒன்று. இந்தச் சாப்பாடு சோதனை செய்து உறுதியான காஸ்ட்ரோபரேசிஸ்காரருக்கு மட்டும்தான். ஏப்பம் விடும் ஒவ்வொரு சர்க்கரைக்காரரும் இதைப் பார்த்துவிட்டுக் கீரையையும் பயறையும் ஒதுக்கினால் அவர்களுக்கு நஷ்டம்தான், அவர்களுக்கு அந்த நார் வேண்டும். உன்னைப் பார்க்க வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைச் சொல்லிவிடு.